குருவானவர் இல்லாத 29 வருடங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

நம் பழைய மாணவன் ஒருவன் இப்போது ஜப்பானில் வேலை பார்க்கிறான். விடுமுறையில் நாகசாகி போய், அங்குள்ள ஓவுரா தேவாலயத்தின் படங்களை நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். கூடவே ஒரு கேள்வி. அவன் மார்ட்டின் ஸ்கோர்செசியின் 'சைலன்ஸ்' படம் பார்த்திருக்கிறான். அதில் கிறிஸ்தவர்களை வரிசையில் நிறுத்தி, இயேசுவின் உருவம் பதித்த தகட்டை மிதிக்கச் சொல்வார்கள். மிதித்தால் உயிர் பிழைக்கலாம். "டீச்சர், மிதிச்சவங்கள என்னன்னு சொல்றது? துரோகியா, கோழையா?" என்று கேட்டிருந்தான். இரண்டு நாள் குழுவில் ஒரே சண்டை. "மிதிச்சவன் மிதிச்சவன்தான், அப்புறம் என்ன பேச்சு" என்று ஒருத்தி முடித்துவிட்டாள். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. குழுவில் நாலு வரியில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஜப்பான் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் தூத்துக்குடிக் கரையில் 1542 முதல் ஊர் ஊராக நடந்து, தமிழில் செபங்களை மனப்பாடம் செய்வித்தாரே புனித சவேரியார், அதே சவேரியார்தான் 1549இல் ஜப்பானில் போய் இறங்கியவர். அவருக்குப் பின் அறுபது எழுபது வருடங்களில் அங்கே கிறிஸ்தவம் வேகமாகப் பரவியது. 1614இல் தோக்குகாவா அரசு நாடு முழுவதும் தடை போட்டது. குருக்களை வெளியேற்றியது, ஒளிந்திருந்தவர்களைப் பிடித்துக் கொன்றது. 1640களின் நடுவில் அந்த நாட்டில் ஒரு குருவானவர்கூட மிச்சமில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு புத்த கோயிலின் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். நாகசாகியில் வருடா வருடம் அந்தத் தகட்டை மிதித்துக் காட்ட வேண்டும்.

நாகசாகியைச் சுற்றியிருந்த கிராமத்து மக்கள் மிதித்தார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து, மனத்துயர் செபம் சொன்னார்கள். வீட்டில் சாவு விழுந்தால் புத்த பிக்கு வந்து சூத்திரம் ஓதுவார். அடுத்த அறையில் சிலர் உட்கார்ந்து, அந்த ஓதலைச் செல்லாமல் ஆக்கும் செபம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். குழந்தையைக் கையில் ஏந்திய கன்னோன் என்ற புத்த தேவதையின் சிலையை வைத்துக்கொண்டு, அதை மாதாவாக நினைத்துக் கும்பிட்டார்கள். இப்படியே ஏழு தலைமுறை. 1865 மார்ச்சில், வெளிநாட்டாருக்காகப் புதிதாகக் கட்டிய ஓவுரா கோயிலுக்கு உராகாமி கிராமத்திலிருந்து சிலர் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண், அங்கிருந்த பெத்தித்ஜான் என்ற பிரெஞ்சுக் குருவிடம், எங்கள் மனசும் உங்கள் மனசும் ஒன்றுதான் என்று சொல்லி, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார். அவருக்கு நம்பவே முடியவில்லை. படத்தில் வந்த கோயில் அதுதான்.

இது வரைக்கும் கூகுளில் தேடினாலே கிடைக்கும். நான் சொல்ல வந்தது வேறு. கிட்டத்தட்ட இதே கதை தமிழர்களுக்கும் நடந்திருக்கிறது. அதுவும் இராமேஸ்வரத்திலிருந்து படகில் போனால் சில மணி நேரத்தில் எட்டிவிடும் இடத்தில். அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பில் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டனூத்து முகாமிலிருந்து வந்த பிள்ளைகளைச் சொல்கிறேன். அவர்களை "இலங்கைப் பிள்ளைங்க" என்று மட்டும்தான் நமக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேர் மன்னார்ப் பக்கத்துக்காரர்கள்.

இரண்டு கதைகளையும் இணைப்பது ஒரு வியாபாரக் கம்பெனி. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, நாம் பாடத்தில் ஒல்லாந்தர் என்று படித்தோமே, அவர்கள். இவர்களும் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபை. போப்பாண்டவர், மாதா சுரூபம், பூசை எதுவும் ஆகாது. ஜப்பானில் இவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் பாருங்கள். 1637இல் ஷிமபாராவில் வரிக்கொடுமை தாங்காமல் எழுந்த விவசாயிகளில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்கள் ஒதுங்கியிருந்த கோட்டையை, அரசு கேட்டுக்கொண்டதால், ஒல்லாந்தர் கப்பல் பீரங்கியால் சுட்டது. ஹிராதோவில் ஒல்லாந்தர் கட்டிய கிடங்கின் முகப்பில் கிறிஸ்து ஆண்டுக் கணக்கில் வருடம் பொறித்திருந்தது. 1640இல் அது ஒரு குற்றம் என்று இடிக்கச் சொன்னார்கள். அங்கிருந்த கம்பெனித் தலைவர் மறுபேச்சில்லாமல் தன் கிடங்கைத் தானே இடித்தார். வியாபாரம் நடக்க வேண்டுமே. அதாவது, அடங்கிப் போவது என்றால் என்னவென்று இந்தக் கம்பெனிக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குப் பதினெட்டு வருடம் கழித்து, 1658இல், இதே கம்பெனி மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்தது. உடனே கத்தோலிக்கக் குருக்கள் அனைவரையும் வெளியேற்றியது. குருவானவரை வீட்டில் மறைத்து வைப்பவருக்கு மரண தண்டனை என்று அறிவித்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் போர்த்துக்கீசர் கட்டிய முப்பதுக்கும் மேற்பட்ட கோயில்களை அப்படியே எடுத்துக்கொண்டு, சுரூபங்களை அகற்றி, தங்கள் சபையின் கோயிலாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆக்கிக்கொண்டது.

நான் ஒரு வாத்தியார் என்பதால் இந்தப் பள்ளிக்கூட ஏற்பாடு எனக்குத் தனி ஆர்வம். ஊருக்கு ஒரு பள்ளி. உள்ளூர்த் தமிழர் ஒருவரே வாத்தியார். பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டும், வராவிட்டால் பெற்றோருக்கு அபராதம். பாடம் என்பது பெரும்பாலும் சீர்திருத்தச் சபையின் ஞானோபதேசம், தமிழில். அந்த வாத்தியார் கையில்தான் பதிவேடும். அதற்குப் பெயர் தோம்பு. போர்த்துக்கீசர் காலத்திலிருந்தே வழங்கும் சொல், யாழ்ப்பாணத்தில் காணிப் பதிவுக்கும் அதே பெயர்தான். யாருக்கு ஞானஸ்நானம் ஆனது, யாருக்கு யாரோடு கல்யாணம் ஆனது என்பதெல்லாம் பள்ளித் தோம்பில் ஏற வேண்டும். தோம்பில் இல்லாத கல்யாணம் கல்யாணம் இல்லை. அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சொத்துரிமையில் சிக்கல் வரும். அரசாங்க உத்தியோகமும் கிடைக்காது.

ஜப்பானில் கோயில் பதிவேடு செய்த வேலையை இங்கே தோம்பு செய்தது. வாளையும் தூக்குமரத்தையும்விட இதுதான் ஆளைப் பிடிக்கிற கயிறு. உயிரைக் கொடுக்கத் துணிகிறவன்கூட, மகளின் கல்யாணம் செல்லாது, மகனுக்குக் காணி இல்லை என்றால் யோசிப்பான்.

சரி, மக்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலானவர்கள் பதிந்தார்கள். ஒல்லாந்த சபையின் முதல் போதகர் பால்தேயஸ் 1663இல் கணக்கெடுத்து, யாழ்ப்பாணப் பகுதியில் அறுபதாயிரத்துக்கு மேல் கிறிஸ்தவர்கள் என்று எழுதி வைத்தார். வந்து ஐந்தே வருடம்! கணக்கைப் பார்த்தால் பிரமாதமான வெற்றி. இதே பால்தேயஸ் தூத்துக்குடிக் கரைக்கும் போய்ப் பரதவர்களிடம் பேசிப் பார்த்தார். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. ஒல்லாந்தரின் அதிகாரம் கரையோரத்துக் கோட்டைகளோடு சரி, உள்நாடு மதுரை நாயக்கருடையது. யாழ்ப்பாணத்தார் தீவுக்குள் மாட்டிக்கொண்டவர்கள்.

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கத்தோலிக்க முறையில் எதற்குக் குருவானவர் வேண்டும், எதற்கு வேண்டாம்? ஞானஸ்நானத்துக்கு வேண்டியதில்லை. அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவி பெயரைச் சொன்னால் அது செல்லும். ஒல்லாந்தப் போதகர் அதே வார்த்தைகளைச் சொல்லித் தண்ணீர் ஊற்றினாலும் செல்லும். ஆகவே பிள்ளையை அந்தக் கோயிலுக்குத் தூக்கிப் போய் தோம்பில் எழுதிவிட்டு வருவதில், அவர்கள் கணக்குப்படி, பெரிய நட்டம் இல்லை. கல்யாணத்தையும் அங்கே பதிந்துவிட்டு, என்றாவது ஒரு குருவானவர் வந்தால் மந்திரித்துக்கொள்ளலாம். செபமாலை சொல்ல யாரும் வேண்டாம். சாவுக்கும் செபம் சொல்ல ஊர்ப் பெரியவர் போதும். குருவானவர் இல்லாமல் முடியவே முடியாதவை இரண்டு. பூசை ஒன்று, பாவசங்கீர்த்தனம் ஒன்று.

ஒல்லாந்த சபையிலும் நற்கருணை போல ஒன்று உண்டு, இராப்போசனம். அதற்கு வந்து உட்கார்ந்தால், மனமறிந்து அந்தச் சபையில் சேர்ந்ததாக அர்த்தம். மக்கள் கோடு போட்டது அந்த இடத்தில்தான். ஞானஸ்நானம் பெற்றவர் ஆயிரக்கணக்கில், இராப்போசனத்துக்கு வருபவர் மிகச் சொற்பம். ஒல்லாந்தப் போதகர்களே, இவர்கள் பெயருக்குத்தான் கிறிஸ்தவர்கள் என்று தொடர்ந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். பதிவேடு பொய்யா மெய்யா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. கட்டாயம் உள்ள பத்தியைப் பார்க்காதீர்கள், கட்டாயம் இல்லாத பத்தியைப் பாருங்கள். (நம் பள்ளி வருகைப் பதிவேட்டுக்கும் இது பொருந்தும். வந்தவர்கள் எல்லாம் படிக்க வந்தவர்கள் என்று நான் என்றைக்கும் நினைத்ததில்லை!)

இப்படி 29 வருடம் போயிற்று. 1658இல் பத்து வயதாக இருந்த பையன் 39 வயது அப்பனாகிவிட்டான். அவன் பிள்ளைகள் பூசையையே பார்த்ததில்லை.

1687இல் தூத்துக்குடியிலிருந்து ஒரு படகில் இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் ஜோசப் வாஸ். கோவாவில் பிறந்த கொங்கணிப் பிராமணக் குடும்பத்துக் கத்தோலிக்கர், 36 வயது, குருவானவர். இன்னொருவர் அவருடைய உதவியாளர், ஜான் என்ற இளைஞர். ஐரோப்பியக் குருவானவர் என்றால் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார்கள். வாஸ் நம் நிறம். இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, கூலிக்காரன் போலக் கிளம்பினார். படகில் சாப்பாடும் தண்ணீரும் தீர்ந்து, யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது வயிற்றுக்கடுப்பால் குற்றுயிராகக் கிடந்தார். ஊர்க்காரர்கள் தொற்றுநோய் என்று பயந்து, ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் விட்டார்கள். ஒரு பெண் மட்டும் தினமும் கஞ்சி கொண்டுவந்து வைத்தாராம்.

உடம்பு தேறியதும் அடுத்த சிக்கல். குருவானவர் வந்துவிட்டார், ஆனால் மக்கள் எங்கே? எல்லோரும் தோம்பில் சீர்திருத்தச் சபை. யாரையும் கேட்க முடியாது. தப்பான ஆளைக் கேட்டால் கேட்டவருக்கும் சாவு, கேட்கப்பட்டவருக்கும் ஆபத்து. வாஸ் கண்டுபிடித்த வழி எளிமையானது. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். சீர்திருத்தச் சபையார் செபமாலை வைத்திருக்கமாட்டார்கள். பிச்சைக்காரன் கழுத்தில் அதைப் பார்த்ததும் வீட்டுக்காரர் கண் எங்கே போகிறது என்று கவனித்தார். சில வீடுகளில் சட்டென்று முகம் மாறியது. அப்படித் தேறிய ஒருவரிடம் தன்னை வெளிப்படுத்தினார். அவர்கள் அவரை யாழ்ப்பாணத்துக்கு வடமேற்கே சில்லாலை என்ற ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே கத்தோலிக்கர் நிறைய, ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்காதவர்கள். இரவில் ஏதாவது ஒரு வீட்டில் கூடி, விடிவதற்குள் பூசையை முடித்துவிட்டுக் கலைந்துபோவார்கள்.

ஜப்பானில் மக்கள் குருவானவரிடம் போய் மாதா எங்கே என்று கேட்டு அவரைச் சோதித்தார்கள். இங்கே குருவானவர் செபமாலையைக் காட்டி மக்களைச் சோதித்தார். இரண்டு இடத்திலும் வாய்விட்டுச் சொல்லாமல், சுரூபமும் மணியுமாகப் பேசிக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் ஓடியது. 1689 கிறிஸ்துமஸ் இரவு யாரோ துப்புக் கொடுத்து, யாழ்ப்பாணத் தலைமை அதிகாரி ஃபுளோரிஸ் புளோம் அனுப்பிய வீரர்கள் பூசைக்குக் கூடியிருந்த வீடுகளில் புகுந்தார்கள். ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டார்கள். வாஸ் மட்டும் கிடைக்கவில்லை. முக்கியமான எட்டுப் பேரை அடித்து, கடுங்கூலி வேலைக்குப் போட்டார்கள். அவர்களில் ஒருவர் தோன் பேதுரு. ஒல்லாந்த சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்கு வந்தவர் என்பதால் அவர் மேல் கூடுதல் ஆத்திரம். அடியிலேயே இறந்துபோனார். இதெல்லாம் நம் சேதுச் சீமையில், ஓரியூரில், அருளானந்தரை வெட்டிக் கொன்ற 1693க்குச் சற்று முன்னால். அவரைப் பற்றி நமக்குத் தெரியும், திருவிழாவுக்குப் போகிறோம். தோன் பேதுரு பெயரை நீங்கள் இன்றுதான் கேள்விப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

வாஸ் புத்தளத்துக்கும், பிறகு கண்டிக்கும் போனார். கண்டி, புத்த சமய மன்னரின் நாடு. போர்த்துக்கீச ஒற்றன் என்று முதலில் சிறையில் போட்டார் மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன். பிறகு அவரைப் புரிந்துகொண்டு நடமாட விட்டார். அங்கிருந்து வாஸ் திரும்பத் திரும்ப ஒல்லாந்தர் பகுதிக்குள் நுழைந்து வெளியேறினார். கிறிஸ்தவக் கம்பெனிக்குப் பயந்த கிறிஸ்தவருக்குப் புத்த மன்னர் நிழல் கொடுத்தார். வரலாற்றைச் சமயத்துக்குச் சமயம் என்று கட்டம் போட்டுப் படிப்பவர்களுக்கு இந்த ஒரு வரியைத்தான் நான் காட்டுவேன். வாஸ் 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரியில் போப் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் வாஸின் வீரச்செயல்களைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர் செய்த ஒரு ஏற்பாடு. தான் ஒரு ஊருக்கு வருடத்தில் ஒருமுறை வந்தாலே பெரிது என்று அவருக்குத் தெரியும். பின்னால் கோவாவிலிருந்து வேறு குருக்கள் வந்தும் கைவிட்டு எண்ணிவிடலாம். அதனால் ஊருக்கு ஊர் இரண்டு பேரை நியமித்தார். ஒருவர் மூப்பர், ஊரின் நிர்வாகம் அவர் பொறுப்பு. இன்னொருவர் அண்ணாவி. செபம் சொல்லித் தருவது, ஞாயிறு செபத்தை நடத்துவது, சாகக் கிடப்பவர் அருகில் இருப்பது, அவசர ஞானஸ்நானம் எல்லாம் அவர். அண்ணாவி என்றால் யாழ்ப்பாணத்தில் பழைய காலத்து வாத்தியார். கூத்துப் பழக்குபவருக்கும் அதே பெயர். கம்பெனியின் வாத்தியார் பகலில் பள்ளியில் ஒரு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தார். அண்ணாவி இரவில் திண்ணையில் இன்னொன்றைச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் பாவம், இரண்டையும் மனப்பாடம் செய்தார்கள்.

உராகாமியிலும் இதே மாதிரிதான் இருந்தது. பண்டிகை நாட்களைக் கணக்கு வைத்துச் சொல்ல ஒருவர், ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர், வீடு வீடாகச் செய்தி சொல்ல ஒருவர். கடல்கடந்த இரண்டு மக்கள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஒரே தீர்வுக்கு வந்திருக்கிறார்கள். நம்பிக்கை நீடித்தது மனவலிமையால் மட்டும் இல்லை. யார் என்ன வேலை செய்வது என்று பிரித்துக்கொண்டதால், ஒருவர் செத்தால் அந்த இடத்துக்கு அடுத்தவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்ததால் நீடித்தது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. முகாமிலிருந்து வந்த ஒரு மாணவியின் அம்மம்மாவைப் பார்க்க ஒருமுறை தோட்டனூத்துக்குப் போயிருந்தேன். 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்து, மண்டபத்தில் இறங்கி, இங்கே அனுப்பப்பட்டவர். அப்போது தகரக் கூரை வீடுகள். (2022இல்தான் அரசு அங்கே 321 வீடுகள் கட்டிக் கொடுத்தது.) சுவரில் ஒரே ஒரு படம், மடு மாதா. வந்த புதிதில் பூசைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"பூசை எங்க ரீச்சர்? சுவாமி வந்தால் வந்தார். நாங்கள் பின்னேரம் செபமாலை சொல்லுவம். நான் தொடங்குவன், மற்றாக்கள் சொல்லுவினம். செபம் தெரிஞ்சால் காணும்தானே" என்றார்.

"யார் உங்களைத் தொடங்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. எங்கட அப்பா ஊரில அண்ணாவியார். அவர் சொல்லுறது எனக்குப் பாடம்."

அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் நான் ஒரு மனித வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்டேன். முந்நூறு வருடத்துக்கு முன் வாஸ் வைத்த ஏற்பாடு, திண்டுக்கல் கரட்டுக் காட்டில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தது.

அந்தச் சுவரில் இருந்த மடு மாதாவின் கதையும் இதே காலத்துக் கதைதான். போர்த்துக்கீசர் காலத்தில் அந்தச் சுரூபம் மன்னாருக்கு எதிரே மாந்தையில் இருந்தது. 1670இல் ஒல்லாந்தர் நெருக்கடி தாங்காமல், இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் அதைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போனார்கள் என்பது அந்தத் திருத்தலத்தின் மரபு. கம்பெனியின் கை எட்டாத இடம் என்று மருதமடுவில் நிறுத்தினார்கள். அந்தக் காட்டில் பாம்பு அதிகம். அதனால்தானோ என்னவோ, மடு மண் பாம்புக்கடிக்கு மருந்து என்ற நம்பிக்கை பிறகு வந்தது. இன்று இந்துக்களும் சிங்களவர்களும்கூட அங்கே போகிறார்கள்.

இப்போது நியாயமாகச் சில விஷயங்களையும் சொல்ல வேண்டும். ஜப்பானையும் இலங்கையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஜப்பானில் ஆயிரக்கணக்கில் கொன்றார்கள், இருநூறு வருடத்துக்கு மேல் ஒரு குருவானவரும் இல்லை. இலங்கையில் மரண தண்டனை அறிவிப்பு இருந்ததே தவிர, பெரும்பாலும் அபராதம், சிறை, அடி இவைதான். 29 வருடத்தில் குருவானவர் வந்துவிட்டார், ஓடி ஒளிய ஒரு கண்டியும் ஒரு வன்னியும் இருந்தன. அதனால்தான் ஜப்பானில் செபங்கள் வாய்க்கு வாய் சிதைந்து, இக்கித்சுகி தீவில் இன்றும் பொருள் தெரியாத லத்தீன் ஒலிகளாக நிற்கின்றன. 1865க்குப் பிறகும் அவர்களில் ஒரு பகுதியினர் ரோமோடு சேரவில்லை. எங்கள் முன்னோர் வைத்துவிட்டுப் போனது இதுதான், இதை மாற்றமாட்டோம் என்றார்கள். இலங்கையில் அந்த அளவுக்கு விலகல் வரவில்லை.

இன்னொன்று. யாழ்ப்பாணத்தில் மறைந்து கும்பிட்டவர்கள் கத்தோலிக்கர் மட்டும் இல்லை. அதற்கு முன் போர்த்துக்கீசர் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள், திருக்கேதீஸ்வரத்தை இடித்தார்கள். சைவர்களும் தோம்பில் கிறிஸ்தவராகப் பதிந்துகொண்டு, விரத நாளில் மரக்கறி சாப்பிட்ட வாழையிலையை வெளியே போட்டால் காட்டிக்கொடுத்துவிடும் என்று, கூரை எரவாணத்தில் செருகி வைத்ததாக அங்கே இன்றும் சொல்கிறார்கள். ஆகவே பால்தேயஸின் அறுபதாயிரத்தில் செபமாலையை மறைத்தவரும் இருந்தார், திருநீற்றை மறைத்தவரும் இருந்தார். ஒரே தெருவில் இரண்டு பேர், ஒருவர் ரகசியம் மற்றவருக்குத் தெரியும், இருவரும் வாயைத் திறக்கவில்லை.

கம்பெனி விடவில்லை. 18ஆம் நூற்றாண்டிலும் குருக்களுக்கு எதிராகத் திரும்பத் திரும்ப ஆணை போட்டது. ஒரே ஆணையை ஒரு அரசாங்கம் பத்து வருடத்துக்கு ஒருமுறை போடுகிறது என்றால், முதல் ஆணை பலிக்கவில்லை என்று நீங்களே எழுதிக்கொள்ளலாம். 1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1806இல் அவர்கள் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார்கள். அதே வருடம் கிளாடியஸ் புக்கானன் என்ற ஆங்கிலப் போதகர் யாழ்ப்பாணம் வந்து பார்த்தார். ஒல்லாந்த சபையின் பெரிய கோயில்கள் ஆளில்லாமல் கிடந்தன. கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குருக்கள் சுதந்திரமாகப் பூசை வைத்துக்கொண்டிருந்தார்கள். சைவக் கோயில்களும் எழுந்து நின்றன. அபராதம் போனது, கூடவே தோம்பில் இருந்த சபையும் போனது.

இனி நம் மாணவனின் கேள்வி. மிதித்தவர்களை என்ன சொல்வது? மிதிக்க மறுத்துச் செத்தவர்களை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். தோன் பேதுருவை அடிக்கும்போது அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் பிழைத்திருக்கலாம். ஆனால் உராகாமியில் 1865இல் அந்தக் குருவிடம் வந்து நின்றவர்கள் யாருடைய வாரிசுகள்? மிதித்தவர்களுடைய வாரிசுகள். மறுத்த குடும்பங்கள் பெரும்பாலும் அங்கேயே முடிந்துபோயின. சில்லாலையில் இரவில் கதவைத் திறந்து வாஸை உள்ளே விட்டவரும், பகலில் ஒல்லாந்தர் கோயிலில் பிள்ளையின் பெயரைப் பதிந்துவிட்டு வந்தவர்தான். இந்த உராகாமிக்காரர்கள் வெளியே தெரிந்த பிறகு, 1868இலிருந்து அரசு அவர்களில் கிட்டத்தட்ட 3,400 பேரைப் பிடித்து நாட்டின் வேறு பகுதிகளுக்குக் கடத்தியது. 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1873இல்தான் தடைப் பலகைகளை இறக்கினார்கள். முன்னோர் ஏழு தலைமுறை மிதித்தார்கள். இவர்கள் மறுத்தார்கள். எந்த நாளில் எதை விட்டுக்கொடுப்பது, எதை விடக்கூடாது என்று அந்த அந்த நாளில் அந்த அந்த மனிதர் முடிவு செய்தார். அதனால் "மிதிச்சவன் மிதிச்சவன்தான்" என்ற நம் பெண்ணின் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள் என்று நினைக்கிறேன்.

இதே கேள்வியை நான் அந்த அம்மம்மாவிடமும் அன்றைக்குக் கேட்டேன். உங்கள் ஆட்கள் ஒல்லாந்தர் புத்தகத்தில் பெயர் எழுதியிருப்பார்களே, அது தப்பில்லையா என்று. அவர் சிரித்தார். "பேர்தானே ரீச்சர். என்ர பேர் எத்தினை புத்தகத்தில கிடக்கு தெரியுமே? மண்டபத்தில ஒண்டு, இஞ்ச ஒண்டு, ஊரில ஒண்டு" என்றார்.

மடு மாதா பிறகும் ஓய்வாக இருக்கவில்லை. 1990களில் அந்தக் கோயில் வளாகமே ஆயிரக்கணக்கானோருக்கு அகதி முகாம் ஆனது. 1999 நவம்பரில் அங்கே தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் எறிகணை விழுந்து, பிள்ளைகள் உட்பட நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் போர் கோயிலை நெருங்கியபோது, குருக்கள் சுரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டி என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போனார்கள். 1670இல் கரையிலிருந்து காட்டுக்குப் போன சுரூபம், 2008இல் காட்டிலிருந்து கரைக்கு வந்தது. அதே வருடம் திரும்ப மடுவுக்கே கொண்டுபோனார்கள். அம்மம்மாவின் பேத்தி, நம் மாணவி, இப்போது கல்யாணமாகி ஊருக்கே திரும்பிவிட்டாள். ஆகஸ்ட் திருவிழாவுக்குப் போனேன் டீச்சர் என்று படம் அனுப்பியிருந்தாள். அதைக் கமெண்டில் போடுகிறேன். நாகசாகிக்காரனும் தன் படங்களை அங்கேயே போடட்டும். சில்லாலைப் பக்கம் உறவு உள்ளவர்கள் இந்தக் குழுவில் இருந்தால், அங்கே அண்ணாவியார் என்று இன்னும் யாரையாவது கூப்பிடுகிறார்களா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

உங்கள் டீச்சர்